காற்றில் எந்தன் கீதம் | ஜானி (1980) | குரல், வயலின், கிட்டார் கவர்

எஸ். ஜானகி அம்மா பாடிய பாட்டைத் தொடவே பயமாகத்தான் இருந்தது. ஆறு மாதம் பாடிப் பார்த்துவிட்டு, தாளவாத்தியம் எதுவும் இல்லாமல் எங்கள் மூவருக்கும் கைவந்த அளவில் பதிவு செய்திருக்கிறோம். முடிந்தால் ஹெட்போனில் கேளுங்கள்.

மூலப் பாடல்
படம்: ஜானி (1980)
இசை: இளையராஜா
வரிகள்: கங்கை அமரன்
பாடியவர்: எஸ். ஜானகி
இயக்கம்: மகேந்திரன்
நடிப்பு: ரஜினிகாந்த், ஸ்ரீதேவி

ஒரு திருத்தம்: இதே வீடியோவை முதலில் ஏற்றியபோது வரிகளுக்கு நேராகக் கண்ணதாசன் பெயரைப் போட்டுவிட்டேன். அதே படத்தில் 'என் வானிலே' அவர் எழுதியது. அந்த ஞாபகத்தில் வந்த பிழை. இந்தப் பாட்டு கங்கை அமரன் எழுதியது. இசையமைப்பாளர் பெயரும் பாடகர் பெயரும் எல்லோர் நினைவிலும் நிற்கின்றன, எழுதியவர் பெயர்தான் விட்டுப்போகிறது. அந்தத் தவற்றை நானும் செய்ததில் வருத்தம் உண்டு. பழைய வீடியோவை எடுத்துவிட்டேன். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

இந்தக் கவர்
குரல்: நான்
வயலின்: அக்கா
கிட்டார், ஒலிப்பதிவு, மிக்ஸிங்: மாமா
கேமரா: அக்கா மகள்
(முழுப் பெயர்கள் வீடியோவின் கடைசியில் வருகின்றன.)

கரோக்கி டிராக் எதுவும் பயன்படுத்தவில்லை. என் குரலுக்காக மூலத்தைவிட மூன்று அரைச்சுரம் கீழே இறக்கியிருக்கிறோம். கூடவே வாசித்துப் பழகுபவர்கள் கவனிக்கவும். இடையிசையை அக்கா காதால் கேட்டு எழுதிக்கொண்டது. இரண்டாவது இடையிசையில் மட்டும் நான்கு வயலினைத் தனித்தனியாக வாசித்து அடுக்கியிருக்கிறார். அதற்கே இரண்டு இரவு ஆனது.

0:00 வயலின் தொடக்கம்
0:34 பல்லவி
1:22 முதல் இடையிசை
1:50 முதல் சரணம்
2:48 நான்கு வயலின்
3:15 இரண்டாம் சரணம்

இசை, வரிகளின் உரிமை முழுவதும் அவற்றின் உரிமையாளர்களுக்கே. இந்த வீடியோவில் விளம்பர வருமானம் வந்தால் அது அவர்களுக்கே போகட்டும் என்று விட்டிருக்கிறோம். தயவுசெய்து மூலப் பாடலையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

தேடுசொற்களில் இந்த வீடியோவில் இருப்பதை மட்டும் போட்டிருக்கிறேன். ரீமிக்ஸ், ஸ்டேட்டஸ் என்றோ, பாடாத பாடகர்கள் பெயரையோ சேர்த்து யாரையும் இங்கே இழுக்க விருப்பமில்லை.

தேடுசொற்கள்: காற்றில் எந்தன் கீதம், காற்றில் எந்தன் கீதம் கவர், காற்றில் என்தன் கீதம், ஜானி பட பாடல்கள், ஜானி 1980 பாடல் கவர், இளையராஜா கவர் பாடல், எஸ் ஜானகி பாடல் கவர், கங்கை அமரன் பாடல் வரிகள், இளையராஜா வயலின் கவர், தமிழ் கிட்டார் கவர், பெண் குரல் கவர், kaatril enthan geetham, katril endhan geetham, kaatril endhan geetham cover, johnny tamil songs

#காற்றில்எந்தன்கீதம் #ஜானி #இளையராஜா #எஸ்ஜானகி #கங்கைஅமரன் #தமிழ்கவர்