தராசைத் திருப்பி வைத்தவர்

வலிகாமத்தின் செம்மண் ஊர் ஒன்றில், காலை ஐந்தரை மணிக்கே விளக்கெரியும் ஒரு தகரக் கொட்டிலில், மின்தராசின் இலக்கங்கள் வாசலை நோக்கித் தெரிகின்றன. நிறுப்பவர் எட்டித்தான் பார்க்க வேண்டும். மூடையைக் கொண்டுவந்து இறக்கிய தோட்டக்காரருக்கு நின்ற இடத்திலிருந்தே கிலோக் கணக்குத் தெரிந்துவிடும். 2011ஆம் ஆண்டு 19 பேருடன் தொடங்கி இன்று 143 பேரைக் கொண்டிருக்கும் இந்த விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவி, தன் முதல் வேலை அந்தத் தராசைத் திருப்பி வைத்ததுதான் என்கிறார்.

தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அங்கத்தவர்கள் அவரை ‘அக்கா’ என்கிறார்கள். இரண்டு மணி நேரம் பேசிய பேச்சை எழுத்தில் இறக்கிப் பார்த்தபோது, அவரைப் பற்றி நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் இரண்டாவது வசனத்திலேயே யாரோ ஒருவருடைய வெங்காயத்துக்கோ, கிணற்றுக்கோ, கடனுக்கோ போய்ச் சேர்ந்திருந்தது. அதனால் அவர் நிறுத்த விஷயங்களின் வழியாகவே அவரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1967இல் பிறந்தவர். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த எழுபதுகளின் முற்பகுதியில் தகப்பன் ஆறு பரப்புக் காணியின் வருமானத்தில் கல்வீடு கட்டினார். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் அந்த வீட்டுக்குப் பூச்சுப் பூசி முடிக்கக் காசு மிஞ்சவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் யூரியாவும் அரிதாகி, இறைப்பு மிசின்கள் ஓய்ந்து, பழைய துலாக்கள் மீண்டும் கிணற்றடிக்கு வந்தன. தமையன் துலா மிதிக்க, தான் வாய்க்காலில் நின்று தண்ணீர் மாறியதை அவர் ஒரு வசனத்தில் சொல்லிக் கடந்துவிட்டார். அதே காலத்தில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கிளை ஒன்றில் நிவாரண அரிசி நிறுத்துக் கொடுத்த வேலையைப் பற்றியோ, நான் கேட்காமலே, நெடுநேரம் பேசினார்.

“ஒரு குடும்பத்துக்கு நூறு கிராம் குறைஞ்சாலும் அந்த வீட்டில ஒரு பிள்ளை இரவு அரை வயிறோட படுக்கும், பிள்ளை. கை நடுங்காமல் நிறுக்க அங்கதான் பழகினனான்.”

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்த இரவில் குடும்பம் விதைவெங்காய மூடை ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கிணறு தூர்ந்திருந்தது. விதைவெங்காயத்தைத் தென்மராட்சியிலேயே சமைத்துத் தின்று முடித்திருந்தார்கள்.

சங்கம் பிறந்ததற்குக் காரணம் கழிவு. யாழ்ப்பாணத்து மரக்கறிச் சந்தைகளை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை: 100 கிலோ கொண்டுபோனால் 10 கிலோவைக் கழித்து 90 கிலோவுக்கே காசு கொடுப்பது வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. மண் ஒட்டியிருக்கும், ஈரம் காயும், அழுகல் கலந்திருக்கும் என்பது வியாபாரிகள் சொல்லும் நியாயம். இதை எதிர்த்து மகஜர் கொடுத்தவர்கள் பலர். தலைவி வேறு வழியில் போனார். வியாபாரி சொல்லும் மூன்று காரணங்களையும் உண்மை என்றே ஏற்றுக்கொண்டு, அவற்றை ஊரிலேயே இல்லாமல் செய்வோம் என்றார். வெங்காயத்தைக் கொட்டிலில் காயவைத்து, தாள் அரிந்து, அழுகலைப் பொறுக்கி, மூன்று தரமாகப் பிரித்து, ஒவ்வொரு மூடைக்கும் நிறைத்துண்டு வைத்துக் கட்டினார்கள். பிறகு, கழிவு இல்லாமல் வாங்குவதென்றால் மட்டும் லொறியை அனுப்புங்கள் என்று வியாபாரிகளுக்குச் சொன்னார்கள். முதல் மாதம் மூன்று வியாபாரிகள் விலகிப் போனார்கள். நான்காமவர் வந்தார், பிரித்துக் கட்டிய சரக்கைத் தெற்கில் தன் கடைக்காரருக்கு மறுபடி பொறுக்காமலே கொடுக்க முடிந்ததால், அடுத்த கிழமையும் வந்தார்.

வியாபாரியைத் திட்டும் ஒரு சொல்லும் அந்த இரண்டு மணி நேரத்தில் இல்லை. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அவருடைய கோபம் கணக்கில் எழுதப்படாத கிலோவின் மேல்தான்.

அவருடைய பெரிய பிழையை அவரே முதலில் எடுத்தார். 2015இல் விலை ஏறும் என்று நம்பி, 60 அந்தர் வெங்காயத்தை விற்காமல் கொட்டிலில் தூக்கிக் கட்டி வைக்கும்படி அங்கத்தவர்களைச் சம்மதிக்கச் செய்தார். இறக்குமதி வெங்காயம் வந்து இறங்கியது. முன்பு கேட்ட விலையில் பாதிக்கும் ஆளில்லை. இடையில் பெய்த மழை ஒரு பகுதியை அழுக வைத்தது. “அது சபையின்ர தீர்மானம் எண்டு கூட்டக் குறிப்பில இருக்கு. ஆனா சபையைப் பேசி மடக்கினது நான்” என்றார். பொதுக்கூட்டத்தில் பதவி விலக முன்வந்தபோது அங்கத்தவர்கள் விடவில்லை. பதிலுக்கு, எந்தப் போகத்திலும் விளைச்சலில் கால்பங்குக்கு மேல் இருப்பு வைப்பதில்லை என்ற விதியை எழுத வைத்தார். அந்த விதி இன்றும் அவருடைய கையையே முதலில் கட்டுகிறது.

2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதும் சங்கத்தை ஏறக்குறைய முறித்துவிட்டன. அப்போது அவர் ஒழுங்கு செய்தது இறைப்பு முறை: அடுத்தடுத்த நாலு தோட்டங்களுக்கு ஒரு மிசின், எரிபொருளுக்குப் பொதுக்கணக்கு, முறை தவறாமல் எழுதப்படும் ஒரு கொப்பி. மரக்கறிப் பயிரைக் குறைத்தார்கள், கிணறுகளைக் கைவிடவில்லை.

எல்லோரும் அவரோடு உடன்படுவதில்லை. முப்பது வயது மதிக்கத்தக்க அங்கத்தவர் ஒருவர், குளிரூட்டிய களஞ்சியத்துக்கு வங்கிக் கடன் எடுக்கலாம் என்று மூன்று வருடங்களாகச் சொல்லி வருகிறார். “அக்கா நேர்மையான ஆள், அதில சந்தேகமில்லை. ஆனா 2015ஐ நினைச்சு நினைச்சே எங்களையும் நடுங்க வைக்கிறா” என்று அவர் சொன்னதைத் தலைவியிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. “அவன் சொல்லுறது சரியாயும் இருக்கலாம். அடுத்த தெரிவில அவன் நிக்கட்டும், நான் வாக்குப் போடுறன். ஆனா கடன் எடுக்கிற நாளில தவணைக் காசு எங்கயிருந்து வரும் எண்டு கொப்பியில எழுதிப் போட்டு எடுக்கட்டும்.” என் அபிப்பிராயத்தில் அந்த இளைஞர் கேட்பது நியாயமானது, அதைக் கேட்கும் துணிச்சல் அவருக்கு வந்ததும் எல்லோரும் பார்க்கக் கணக்கு வைக்கும் இந்தச் சங்கத்தில் வளர்ந்ததால்தான்.

143 பேரில் 61 பேர் பெண்கள். பலர் தம் பெயரில் காணியில்லாமல் குத்தகைக்குச் செய்பவர்கள். காணி உறுதி இல்லாதவருக்கும் அங்கத்துவம் உண்டு என்று ஆரம்ப விதியிலேயே அவர் எழுத வைத்ததால் வந்த எண்ணிக்கை அது.

பேசி முடித்து நான் வீடு திரும்பிய அன்றிரவு ஒன்பது மணிக்குப் பிறகு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. 2015 நட்டம் ஒரு இலட்சத்து 84 ஆயிரம் ரூபா என்று காலையில் சொல்லியிருந்தார். பழைய பேரேட்டை எடுத்துப் பார்த்தாராம். “சாக்குக் காசையும் கூலியையும் விட்டுட்டுச் சொல்லிப்போட்டன், பிள்ளை. ஒரு இலட்சத்து 91 ஆயிரத்து 500. அதைத்தான் எழுதவேணும்.”