டிசம்பர் 28 முதல் ஜனவரி 1 வரை எல்லா வழக்கமான மீட்டிங்குகளும் ரத்து: எது எப்போது மறுபடி தொடங்கும்

அனுப்புநர்: செயல்பாட்டுப் பிரிவு
பெறுநர்: அனைத்து ஊழியர்கள்
தேதி: 14 டிசம்பர் 2026, திங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

டிசம்பர் 28 திங்கள் முதல் ஜனவரி 1 வெள்ளி வரை அலுவலகம் மூடியிருக்கும். அந்த ஐந்து நாட்களில் வரும் வழக்கமான மீட்டிங் ஒவ்வொன்றும் ரத்து. தினமும் வருவது, வாரம் ஒருமுறை வருவது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவது, மாதாந்திரம் என்று எதற்கும் விலக்கு இல்லை. ஜனவரி 4 திங்கள் அன்று வேலைக்குத் திரும்புகிறோம். ஆனால் எல்லா மீட்டிங்கும் அன்றைக்கே தொடங்கப் போவதில்லை. உங்கள் மீட்டிங் எந்தத் தேதியில் திரும்ப வருகிறது என்பதைக் கீழே பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் "அடுத்த வாரம் மீட்டிங் எதுவும் இல்லை" என்று ஒற்றை வரியில் மெயில் போட்டேன். ஜனவரி முதல் வாரத்தில் பாதிப் பேர் மீட்டிங் அறையில் உட்கார்ந்திருந்தார்கள், மீதிப் பேர் இன்னும் ரத்து என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். தப்பு என்னுடையதுதான். அதனால் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தினசரி ஸ்டாண்டப்: 28, 29, 30, 31, 1 ஆகிய ஐந்து நாளும் கிடையாது. ஜனவரி 4 திங்கள் தொடங்கும். அன்று மட்டும் காலை 10 மணிக்குப் பதிலாக 11.30க்கு. வந்ததும் வராததுமாக "நேற்று என்ன செய்தீர்கள்" என்று கேட்பதில் அர்த்தமில்லை. முதலில் மெயிலைப் பார்த்து முடியுங்கள். 5ஆம் தேதியிலிருந்து பழையபடி 10 மணி. சாட்டில் தினமும் காலையில் ஸ்டாண்டப் கேள்வியைப் போடும் பாட் நிரலையும் அந்த வாரம் நிறுத்தி வைக்கிறேன்.

திங்கள் விற்பனை ஆய்வு: டிசம்பர் 28 ரத்து. ஜனவரி 4ஆம் தேதியும் நடக்காது. மாத இறுதிக் கணக்கை முடிக்கும் வேலையைக் கணக்குப் பிரிவு அன்றுதான் தொடங்குகிறது. டிசம்பர் எண்கள் கையில் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஊகம் மட்டும்தான் பேச முடியும். எனவே தொடக்கம் ஜனவரி 11 திங்கள், வழக்கமான நேரத்தில்.

புதன்கிழமை ஆளெடுப்பு மீட்டிங்குக்கும் வியாழக்கிழமை வடிவமைப்பு ஆய்வுக்கும் சிக்கல் எதுவும் இல்லை. ஒரு வாரம் விட்டு, முறையே ஜனவரி 6, ஜனவரி 7 அன்று அதே நேரத்தில், அதே அறையில் தொடரும்.

அடுத்தது ஸ்ப்ரிண்ட் மீட்டிங்குகள். வளர்ச்சிக் குழுவினர் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். ஸ்ப்ரிண்ட் திட்டமிடல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செவ்வாயன்று நடக்கிறது: டிசம்பர் 15, 29, அப்புறம் ஜனவரி 12. இதில் 29ஐ மட்டும் அழித்துவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டால், 15க்கும் 12க்கும் நடுவில் நான்கு வாரம் ஓடிவிடும். அப்படி விட முடியாது. அதற்காக ஒரு மீட்டிங்கை மட்டும் ஒரு வாரம் தள்ளி வைத்தாலும், ஜனவரி 5 முடிந்த ஏழே நாளில் 12ஆம் தேதி இன்னொன்று வந்து நிற்கும். ஆகவே பழைய தொடரை நாளைய மீட்டிங்கோடு முடித்துவிட்டு, ஜனவரி 5 செவ்வாயிலிருந்து புதுத் தொடர் ஒன்றை அனுப்புகிறேன். அதன்படி அடுத்தடுத்த தேதிகள் ஜனவரி 5, ஜனவரி 19, பிப்ரவரி 2. நாளை தொடங்கும் ஸ்ப்ரிண்ட் காலண்டரில் மூன்று வாரமாகத் தெரியும். நடுவில் ஒரு வாரம் மூடல் என்பதால் வேலை நாட்களின் எண்ணிக்கை மாறாது. ஆகவே நாளைய திட்டமிடலில் வேலையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

ஸ்ப்ரிண்ட் டெமோ வழக்கமாகத் திட்டமிடலுக்கு முந்தைய நாள், திங்கள் மாலை 3 மணிக்கு நடக்கும். கணக்குப்படி அது ஜனவரி 4க்கு வர வேண்டும். பத்து நாள் கழித்து வந்த முதல் நாளே டெமோ காட்டச் சொன்னால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் இந்த ஒருமுறை மட்டும் டெமோ ஜனவரி 5 காலை 10.30க்கு, திட்டமிடல் அன்றே மதியம் 2 மணிக்கு. அடுத்த சுற்றிலிருந்து டெமோ திங்கள் 3 மணி, திட்டமிடல் செவ்வாய் 11 மணி என்று பழைய ஒழுங்கு திரும்பிவிடும்.

உள்கட்டமைப்பு மீட்டிங்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான். டிசம்பர் 31 ரத்து. அடுத்தது ஜனவரி 14 வியாழன். இதற்கு நான்கு வார இடைவெளி விழும், தெரிந்தேதான் விடுகிறேன். டிசம்பர் 17 மீட்டிங்கில் பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டால் அவசரம் எதுவும் இருக்காது என்று குழுவே சொல்லிவிட்டது. சப்ளையர் மீட்டிங் டிசம்பர் 23, ஜனவரி 6 தேதிகளில் வருகிறது. மூடல் வாரத்தைத் தொடவே இல்லை, ஆகவே அதில் மாற்றம் கிடையாது.

மாதத்தின் கடைசிப் புதனன்று நடக்கும் அனைத்து ஊழியர் கூட்டம் டிசம்பர் 30 அன்று விழுகிறது, அது ரத்து. ஜனவரி 13 புதன் மாலை 4 மணிக்கு நடக்கும். அதற்கு இரண்டே வாரத்தில், ஜனவரி 27 அன்று, வழக்கப்படி இன்னொன்று வரும். ஒரே மாதத்தில் இரண்டு முறை எல்லோரையும் உட்கார வைக்க வேண்டாம் என்பதால் 27ஐயும் ரத்து செய்கிறேன். அடுத்தது பிப்ரவரி 24. அங்கே கேட்க நினைக்கும் கேள்விகளை வழக்கமான படிவத்தில் இப்போதிருந்தே போட்டு வைக்கலாம்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நடக்கும் பாதுகாப்பு ஆய்வு, இந்த முறை ஜனவரி 1இல் மாட்டிக்கொண்டது. அதை ஜனவரி 8 வெள்ளிக்கு நகர்த்தியிருக்கிறேன். பிப்ரவரி 5 முதல் மறுபடியும் முதல் வெள்ளிதான்.

புதன் மாலை 4 மணி நிலவர அறிக்கை மீட்டிங் மட்டும் திரும்பி வராது. டிசம்பர் 23 அன்று நடப்பதே கடைசி. கடந்த சில வாரங்களாக அங்கே நடந்தது ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதுதான். அதற்கு ஒரு மணி நேரம் தேவையில்லை. ஜனவரி 6 முதல் ஒவ்வொரு புதனும் மதியத்துக்குள் அவரவர் பகுதியின் நிலவரத்தை நாலு வரியில் பொது ஆவணத்தில் எழுதினால் போதும். இதில் மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். 23ஆம் தேதி மீட்டிங்கிலேயே பேசிவிடலாம்.

அவசரப் பணிக்கான ஆள்மாற்று மீட்டிங்கைப் பற்றி ஒரு விஷயம். திங்கள் காலை 9.30 மீட்டிங் டிசம்பர் 28 அன்று இருக்காது. ஆனால் பணி முறை அப்படியே ஓடும். பணியை ஒப்படைப்பவர் அதே 9.30க்குள் குறிப்பைச் சாட்டில் எழுத வேண்டும், ஏற்பவர் "பார்த்துவிட்டேன்" என்று பதில் போட வேண்டும். அந்தப் பதில் வரும்வரை பொறுப்பு பழைய ஆளிடம்தான். மீட்டிங் ஜனவரி 4 காலை 9.30க்கு வழக்கம்போல் தொடங்கும். நடுவில் ஏதாவது பெரிதாகப் பழுதானால், பணியில் இருப்பவர் தேவையானவர்களைக் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிடுவதற்கு இந்த ரத்து பொருந்தாது.

மேற்சொன்ன மீட்டிங்குகளை எல்லாம் வருகிற வெள்ளி, டிசம்பர் 18 மாலைக்குள் நானே காலண்டரில் நீக்கிவிடுவேன். உள் ஆட்களுக்கு ரத்து மெயில் தனித்தனியாக அனுப்ப மாட்டேன், இன்பாக்ஸ் நிரம்பிவிடும். இந்த மெயில்தான் அறிவிப்பு.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. மேலாளர்-ஊழியர் தனிச் சந்திப்புகள், குழுவுக்குள் நீங்களே வைத்த மீட்டிங்குகள் ஆகியவற்றை அழைப்பு அனுப்பியவர்தான் எல்லோருக்குமாக ரத்து செய்ய முடியும். டிசம்பர் 23 புதனுக்குள் செய்துவிடுங்கள். காலண்டரில் அந்த வாரத்து மீட்டிங்கை நீக்கும்போது மூன்று தேர்வுகள் காட்டும். "This event" என்பதை மட்டும் தேருங்கள். "All events" கொடுத்தால் தொடர் முழுவதும் எல்லோர் காலண்டரிலிருந்தும் போய்விடும். "This and following events" கொடுத்தாலும் ஜனவரியில் ஒன்றும் மிஞ்சாது. தினமும் வரும் மீட்டிங்காக இருந்தால் ஐந்து நாளையும் ஒவ்வொன்றாகத்தான் நீக்க வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் வேறு வழியில்லை. எழுதுவதற்கே எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது: முன்பு ஒருமுறை நானே "All events" அழுத்தி, ஒரு வருடத்துக்கான திட்டமிடல் தொடரைத் துடைத்துவிட்டு மறுபடி கட்டினேன்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். இந்த வருடத் தொடக்கத்தில் வைத்த பல தொடர்களுக்கு முடிவுத் தேதி டிசம்பர் 31 என்று போட்டிருக்கிறோம். அவை தாமாகவே முடிந்துவிடும். ஜனவரியில் காலண்டர் காலியாகக் கிடந்தால் ரத்து என்று பொருள் இல்லை, நீட்டிக்க மறந்துவிட்டோம் என்றுதான் பொருள். உங்கள் தொடரைத் திறந்து முடிவுத் தேதியைச் சரி பார்த்து, தேவையானால் இப்போதே நீட்டிவிடுங்கள்.

வாடிக்கையாளர்களுடனான மீட்டிங்குகளில் அழைப்பு நம்முடையதாக இருந்தால், ரத்து செய்யும்போது அவர்களுக்கு மெயில் போகும்படி விடுங்கள். கூடவே திரும்பத் தொடங்கும் தேதியையும் ஒரு வரியில் எழுதுங்கள். அழைப்பு அவர்களுடையதாக இருந்தால் நம்மால் ரத்து செய்ய முடியாது. வர இயலாது என்று பதில் கொடுத்து, ஜனவரி 4க்குப் பிறகு எந்த நாள் வசதி என்று கேளுங்கள். சும்மா வராமல் இருந்துவிட வேண்டாம்.

வேலையை விட்டுப் போனவர்கள் வைத்த மீட்டிங்குகள் சில இன்னும் நம் காலண்டரில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அழைப்பு அனுப்பியவர் பெயரில் போய் நீக்க உங்களால் முடியாது. மீட்டிங்கின் பெயரையும் நாளையும் எனக்கு எழுதுங்கள். தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் சொல்லி எடுக்க வைக்கிறேன். அது உங்களுக்கு இன்னும் தேவை என்றால், இப்போது பொறுப்பில் இருப்பவர் தன் பெயரில் புதிதாக ஒன்று வைக்கட்டும்.

இந்த மெயிலில் பெயர் வராத வழக்கமான மீட்டிங் ஏதாவது இருந்தால், விதி எளிது: டிசம்பர் 28 முதல் ஜனவரி 1 வரை வருவது ரத்து, அதற்குப் பிறகு அதன் முறைப்படி வரும் முதல் நாளில் தொடக்கம். அந்த நாள் உங்களுக்குச் சரிப்படாது என்றால் டிசம்பர் 18 வெள்ளி மதியத்துக்குள் இதற்கே பதில் போடுங்கள். காலண்டரை மாற்றும்போது அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நன்றி.

ஒருங்கிணைப்பாளர்
செயல்பாட்டுப் பிரிவு