ரெண்டரை விரல்

மூன்று நாளாகச் சூரியனும் இல்லை, வடக்கு காட்டும் வடமீனும் இல்லை. கன்னியாகுமரியைத் தாண்டின மறுநாளே வானம் மூடிக்கொண்டது. வாடை விடாமல் அடித்தது. தோணி வயிறு நிறையக் கூரை ஓடும் வெங்காயமும். போகவேண்டிய இடம் மாலத்தீவின் மாலே.

1974 ஜனவரி 17. காலை பத்து மணிக்கு மேல் மேகம் கிழியத் தொடங்கியது. காற்றும் தணிந்து கொண்டலாகத் திரும்பியது. அணியத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த தோணித் தலைவர் தண்டல், அமரத்துக்கு வந்து சுக்கான் பிடித்தவனிடம் சொன்னார்.

"இன்னும் தெக்க போகணும். தென்மேற்காவே விடு. நாளைக்குக் காலையில மாலே நேருக்கு வந்துரும்."

சூசை எதுவும் சொல்லாமல் மரப்பெட்டியைத் திறந்தான். பம்பாய்க் கப்பல் ஒன்றில் சுக்கானியாக இருந்த அவன் சித்தப்பா, ஓய்வு பெற்றபோது கொடுத்துவிட்டுப் போன, சூரியன் உயரம் அளக்கிற செக்ஸ்டன்ட் அது. பித்தளை வளைவில் இரண்டு இடத்தில் பச்சை பிடித்திருந்தது. கண்ணாடிகளில் பழுதில்லை. பெட்டியோடு ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு நாளும் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு வடக்கே, எவ்வளவு தெற்கே நிற்கும் என்று துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலின் பஞ்சாங்கத்தைப் பார்த்து மார்ச் வரைக்கும் எழுதி வைத்திருந்தான்.

"கடிகாரம்தான் நின்னுபோச்சே, அப்புறம் எப்படிப் பாப்பே?" என்றான் சமையல் பார்க்கும் பண்டாரிக்கு எடுபிடியாக வந்திருந்த பையன்.

"இதுக்குக் கடிகாரம் வேண்டாம்ல. சூரியன் ஏறிக்கிட்டே போகும். ஒரு இடத்துல நிக்கும். அப்புறம் இறங்கும். அது நிக்கிற உயரம் மட்டும் போதும்."

கிழக்கு மேற்கில் எங்கே இருக்கிறோம் என்று தெரிய நல்ல கடிகாரம் வேண்டும். வடக்கு தெற்குக்கு அது தேவையில்லை. கையில் காசில்லாத மாலுமிக்குக் கடல் செய்த பெரிய தயவு என்றே இதைச் சொல்லவேண்டும்.

சூசை பாய்மரத்தில் முதுகைச் சாய்த்துத் தெற்கு பார்த்து நின்றான். கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை மெல்ல நகர்த்தினான். கண்ணாடிக்குள் சூரியன் பச்சை வட்டமாக வானத்திலிருந்து இறங்கி வந்தது. அடிவிளிம்பு தொடுவானத்தை உரசும் இடத்தில் நிறுத்தி, கருவியை இடமும் வலமும் லேசாக ஆட்டினான். வட்டம் ஊஞ்சல்போல ஆடி, அடிமட்டத்தில் மட்டும் கடலைத் தொட்டது. தோணி உருண்டது. கால் இரண்டையும் அகட்டிக்கொண்டான்.

"65 டிகிரி, 9 நிமிடம்."

டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் அந்த நிமிடம். பையன் கரித்துண்டால் பலகையில் எழுதினான். சிறிது நேரத்தில் சூரியன் தொடுவானத்தை விட்டு மேலே எழும்பியிருந்தது. திருகைத் திருப்பி மறுபடி இறக்கினான். 14 நிமிடம். ஒரு மேகம் குறுக்கே வந்தது. சூசை கருவியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. மேகம் விலகியபோது 17. மறுபடி 17. அடுத்து பார்த்தபோது வட்டத்தின் அடி தண்ணீருக்குள் போயிருந்தது.

"இறங்கிருச்சு. 65, 17தான்."

உட்கார்ந்து கணக்குப் போட்டான். அடிவிளிம்பைத்தான் பார்த்தோம், நமக்கு நடு வேண்டும். அதற்கு 16 நிமிடம் கூட்டு. தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்குக் கூடுதலாக நிற்பதால் தொடுவானம் கொஞ்சம் தாழ்ந்து தெரியும், அதற்கு 3 கழி. காற்று ஒளியை வளைப்பது இந்த உயரத்தில் அரை நிமிடம்கூட இல்லை. எல்லாம் சேர்ந்து 13. ஆக 65 டிகிரி 30. தலைக்கு நேர் மேலிருந்து சூரியன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது? 90-இல் அதைக் கழித்தால் 24 டிகிரி 30. நோட்டில் இன்றைக்குச் சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 டிகிரி 48. கழித்தான். மீதி 3 டிகிரி 42.

மறுபடி கழித்தான். அதேதான் வந்தது.

"மாமா, நாம மாலேயைத் தாண்டிட்டோம். மாலே 4 டிகிரி 10. நிமிடத்துக்கு ஒரு கடல் மைல். நாம அதுக்கு 28 மைல் தெக்க நிக்கோம்."

தண்டல் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷமாக இந்தக் கடலில் ஓடுகிறவர். நுரை ஓடுவதைப் பார்த்தே தோணியின் வேகம் சொல்லுவார்.

"ஏல, மூணு நாளும் மணிக்கு நாலு மைலுக்கு மேல இது ஓடல."

"வாடை பின்னால தள்ளியிருக்கு மாமா. ராத்திரியெல்லாம் எவ்வளவு ஓடுச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"உன் பெட்டிக்கு மட்டும் தெரியுமோ?"

சூசை நோட்டைப் புரட்டி நீட்டினான். "கன்னியாகுமரி கண்ணுக்குத் தெரியும்போதே ஒரு உச்சி பாத்தேன். 8 டிகிரி 1 வந்துச்சு. முனை 8 டிகிரி 5. நாம முனைக்கு நேர் தெக்க நாலு மைல்ல போனோம்னு நீங்கதான் சொன்னீங்க."

தண்டல் பதில் சொல்லவில்லை. கையை நீட்டி, விரல்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தொடுவானத்தின் மேல் வைத்துப் பார்த்தார். அவர் அப்பாவும் அப்படித்தான் பார்த்தார், அவருக்கு முந்தின தண்டல்களும்.

"வடமீன் கன்னியாகுமரியில அஞ்சு விரல். மாலேக்கு ரெண்டரை. அந்த ரெண்டரையும் மங்கல்ல பாதி நாள் தெரியாது. உன் கணக்குல இன்னிக்கு எத்தனை விரல்?"

சூசை யோசித்தான். ஒரு விரல் ஒன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் கூட.

"ரெண்டேகால் மாமா."

தண்டல் மேற்கே பார்த்தார். அந்தப் பக்கத்தில்தான் பவளத் திட்டுகள். ஆள் உயரம்கூட இல்லாத தீவுகள். ராத்திரியில் அலை உடையும் சத்தம் காதில் விழும்போது திருப்ப நேரம் இருக்காது. தென்மேற்காக இன்னொரு இரவு ஓடுவது என்றால் என்ன என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"வடமேற்கா திருப்பு," என்றார். பிறகு சத்தமாக, "தாமானை இழுத்துக் கட்டுங்கலே!"

பொழுது சாய்ந்தும் ஓடினார்கள். இரவு பத்து மணி இருக்கும் என்று தோன்றியபோது தண்டல் பாயை இறக்கச் சொன்னார். விடியும்வரை தோணி சும்மா மிதந்தது. அவர் தூங்கவில்லை. அணியத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் பாய் ஏற்றி நேர் மேற்கே விட்டார்கள்.

உச்சி நெருங்கியபோது சூசை பெட்டியைத் திறந்தான். தண்டல் கையை நீட்டினார்.

"எங்கிட்ட குடு. எதைத் திருகணும்னு மட்டும் சொல்லு."

முதலில் சூரியன் அவருக்கு அகப்படவில்லை. பிறகு பிடித்துவிட்டார். கைநடுக்கம் இல்லாத மனிதர். ஆட்டிப் பார்க்க ஒரே ஒரு தடவைதான் சொல்லவேண்டியிருந்தது. அது ஏறுவதை அவர் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு பின்தொடர்ந்தார். "நின்னுருச்சு... நின்னுருச்சுல!" என்றார் திடீரென்று.

65 டிகிரி 3 நிமிடம். சூசை 13 கூட்டினான், 90-இல் கழித்தான், அன்றைய 20 டிகிரி 36-ஐக் கழித்தான்.

"4 டிகிரி 8."

"அப்ப ரெண்டு மைலு வடக்க ஏறணும்." தண்டலே சொல்லிவிட்டுச் சுக்கானைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

பொழுது மேற்கே சாயும் நேரத்தில் பாய்மரத்தின் மேலிருந்து பையன் கத்தினான். தென்னந்தலைகள், நேர் முன்னால், தண்ணீரிலிருந்தே முளைத்ததுபோல.

தண்டல் நிமிர்ந்து பார்த்தார். சூசையைக் கூப்பிட்டார்.

"திரும்பும்போது மாசிக் கருவாடு ஏத்திக்கிட்டு கொழும்பு போறோம். கொழும்பு எத்தனை டிகிரி?"

"6 டிகிரி 56."

"நோட்டுல முதல் பக்கத்துல பெருசா எழுதி வை. உச்சி நான் பாக்கேன், கணக்கு நீ போடு."