1000 விஏ யூபிஎஸ் விற்பனைக்கு, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

எங்கள் தட்டச்சு, போட்டோக்கொப்பிக் கடையில் இரண்டு வருடம் ஓடிய யூபிஎஸ். கடை முழுவதுக்கும் இப்போது இன்வேட்டர் போட்டுவிட்டோம், இது சும்மா நிற்கிறது. வாங்க வருகிறவர்கள் தயவுசெய்து முழுதாக வாசித்துவிட்டு வாருங்கள், ஏனென்றால் 1000 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு பிறிட்ஜ் போடலாமா என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போட முடியாது.

1000 விஏ என்றாலும் தாங்கும் சுமை 600 வாட்ஸ்தான். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பற்றரி இரண்டு. பழையவை போய்விட்டன, போன தைப்பொங்கலுக்கு முதல் கிழமைதான் இரண்டையும் மாற்றினேன், பில் இருக்கிறது.

எவ்வளவு நேரம் நிற்கும்? பெட்டியில் போட்டிருப்பதை விடுங்கள், போன ஞாயிறு பிளக்கைக் கழற்றிவிட்டு நானே கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். ஒரு கணினி, 22 அங்குல மொனிட்டர், ரவுட்டர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 110 வாட்ஸ், 31 நிமிடம் நின்றது. ரவுட்டரும் பைபர் பெட்டியும் மட்டும் என்றால் மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடும், ஓ.எல், ஏ.எல் பிள்ளைகளுக்கு ஒன்லைன் வகுப்பு இருக்கிற வீட்டுக்கு அது பெரிய உதவி. 600 வாட்ஸையும் முழுதாக ஏற்றினால் மூன்று நான்கு நிமிடம்தான், கோப்பைச் சேமித்துவிட்டு நிறுத்த மட்டும் காணும். திரும்ப முழுதாகச் சார்ஜ் ஏற ஏழெட்டு மணித்தியாலம் வேண்டும்.

ஸ்டெபிலைசரும் உள்ளேயே இருக்கிறது. 165 முதல் 275 வோல்ட் வரை பற்றரியைத் தொடாமல் அதுவே சரிசெய்யும். பின்னேரம் ஒழுங்கை முழுக்கத் தண்ணி மோட்டர் போடுகிற நேரத்தில் எங்கள் பக்கம் 190க்கு இறங்கும், அப்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும், 218 அளவில் வெளியே கொடுக்கும். அந்தச் சத்தம் பழுது இல்லை, ரிலே மாறுகிற சத்தம்.

கணினி, லாப்டொப், ரவுட்டர், சிசிடிவி பெட்டி, எல்இடி ரிவி, எல்இடி பல்ப், இங்க்ஜெட் பிறின்ரர் எல்லாம் போடலாம். லேசர் பிறின்ரர் வேண்டாம், சூடாகிற நேரத்தில் அதுவே 600 வாட்ஸைத் தாண்டிவிடும். பிறிட்ஜும் தண்ணி மோட்டரும் தொடங்கும்போது வழமையைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், கேத்தலும் அயனும் சொல்லவே தேவையில்லை. ஃபான் ஓடும், ஆனால் பற்றரியில் வருவது படிப்படியான அலை, சுத்த சைன் அலை இல்லை, அதனால் ஃபான் உறுமும், நெடுக ஓடினால் சூடாகும். நான் போடவில்லை, நீங்களும் போடாதீர்கள்.

பின்னால் மூன்று பிளக் ஓட்டை, மூன்றும் பற்றரியில் வேலை செய்யும். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், எங்கள் வெக்கைக்குப் பற்றரி சீக்கிரம் செத்துவிடும்.

விலை 18,000 ரூபா, கொஞ்சம் பேசலாம். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு கடைக்கு வாருங்கள், உங்கள் கணினியையே கொண்டுவந்து கொழுவிப் பார்த்துவிட்டுக் காசைத் தரலாம்.