பிணை விண்ணப்பம் (வரைவுத் தாள் விடை)

இலங்கை சனநாயக சோசலிசக் குடியரசு
யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தில்

வழக்கு இலக்கம்: பீ/412/2024

1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் கீழான விண்ணப்பம்

பொறுப்பதிகாரி, பொலிஸ் நிலையம், யாழ்ப்பாணம் — முறைப்பாட்டாளர்
எதிர்
கந்தையா சிவநேசன், வயது 34, கொக்குவில் மேற்கு — சந்தேகநபர் (தற்போது விளக்கமறியலில்)

மாட்சிமை தங்கிய நீதவான் அவர்களுக்கு,

மேற்படி சந்தேகநபர் தமது சட்டத்தரணி மூலம் பணிவாகச் சமர்ப்பிப்பதாவது:

1. சந்தேகநபர் கொக்குவிலில் 9 வருடமாக நீரிறைக்கும் மோட்டர் திருத்தும் கடை நடத்துகிறார். கொயில் சுற்றுவதே அவரது பிரதான தொழில். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்பட்டவரல்லர்.

2. 2024.03.04 அன்று காலை ஒருவர் 2 அங்குல மோட்டர் ஒன்றைத் திருத்தக் கொண்டுவந்து கொடுத்தார். திருத்த வரும் பொருட்களைச் சந்தேகநபர் ஒரு கொப்பியில் பதிவது வழக்கம். அன்றைய பக்கத்தில், "2 இஞ்சி மோட்டர், கொயில் எரிஞ்சது, முன்பணம் 2,000, சனிக்கிழமை தரவேணும்" என்ற வரியும், கொண்டுவந்தவர் சொன்ன பெயரும் தொலைபேசி இலக்கமும் உள்ளன. அதற்கு மேலும் கீழும் வேறு வாடிக்கையாளர்களின் பதிவுகள் நெருக்கமாக உள்ளன. பிறகு நுழைத்து எழுத அங்கு இடமில்லை.

3. அந்த மோட்டர் உரும்பிராயில் ஒரு தோட்டக் கிணற்றடியில் இருந்து களவாடப்பட்டது என்ற முறைப்பாட்டின் பேரில் 2024.03.12 அன்று பொலிஸார் கடைக்கு வந்தனர். மேசையின் கீழ் இருந்த மோட்டரைச் சந்தேகநபரே எடுத்துக் காட்டி, கொப்பியையும் கையளித்தார். மறுநாள் இம்மன்றில் முற்படுத்தப்பட்டு, 2024.03.27 வரை விளக்கமறியலில் வைக்கப்பட்டார். தண்டனைச் சட்டக்கோவையின் 394 ஆம் பிரிவின் கீழ், களவுப் பொருளை நேர்மையற்ற விதமாக வைத்திருந்ததாகப் பீ அறிக்கையில் கூறப்படுகிறது. மோட்டரைக் கொண்டுவந்தவர் இன்னும் கைதாகவில்லை.

பிணைக்கான ஏதுக்கள்

4. பிணை வழங்குவது விதி, மறுப்பது விதிவிலக்கு என்பதே பிணைச் சட்டத்தின் 2 ஆம் பிரிவு கூறும் வழிகாட்டல். குற்றம் பிணை வழங்கத்தகாதது எனக் கொண்டாலும், 5 ஆம் பிரிவின்படி தற்றுணிபைப் பிரயோகித்து விடுவிக்க மன்றுக்கு அதிகாரம் உண்டு. மோட்டர் தனியாருடையது. ஆகவே பொது ஆதனங்களுக்கு எதிரான குற்றங்கள் சட்டம் பொருந்தாது. அச்சட்டத்தின்படி விதிவிலக்கான சூழ்நிலைகளைக் காட்ட வேண்டிய கடப்பாடும் எழாது.

5. 394 ஆம் பிரிவின் உயிர்நாடி, களவுப் பொருள் என்ற அறிவு அல்லது அவ்வாறு நம்ப நியாயமான காரணம். களவுப் பொருள் எனத் தெரிந்து வாங்குபவர், கொடுத்தவரின் பெயரையும் இலக்கத்தையும் குறித்து வைப்பாரா? முன்பணம் பெறுவது திருத்துபவரின் செயல். வாங்குபவர் பணம் கொடுப்பாரே அன்றிப் பெறமாட்டார். இந்த ஒரு வரியை மன்று ஆழ்ந்து நோக்க வேண்டுமென மிகுந்த வலியுறுத்தலுடன் வேண்டுகிறோம்.

6. பிணைச் சட்டத்தின் 14 ஆம் பிரிவில் கூறப்படும் மறுப்புக்கான காரணங்கள் எதுவும் இங்கு இல்லை. அவருக்கு நிரந்தர வதிவிடமும் மனைவியும் பாடசாலை செல்லும் இரு பிள்ளைகளும் உள்ளனர். கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது. மோட்டரும் கொப்பியும் பொலிஸார் வசம் இருப்பதால், கலைக்கக்கூடிய சான்று எதுவும் அவரிடம் இல்லை. முறைப்பாடு செய்த தோட்டக்காரர் அவருக்கு அறிமுகமற்றவர்.

7. பொதுமக்களின் அமைதியின்மை என்ற காரணமும் பொருந்தாது. பூட்டிக் கிடக்கும் கடைக்குள் வேறு தோட்டக்காரர்களின் 11 மோட்டர்கள் உள்ளன. வெங்காயத்துக்கு இறைக்க வேண்டிய பங்குனி வெயிலில், அவர்கள் நாளாந்தம் கடை வாசலில் வந்து நிற்கின்றனர். குற்றம் நிரூபிக்கப்படும்வரை சுற்றவாளி என அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை கருதும் ஒருவரை அடைத்து வைப்பதால், அந்த வீட்டின் அடுப்புடன் இந்தத் தோட்டங்களும் காய்கின்றன.

ஆகவே, மாட்சிமை தங்கிய மன்று தயவுகூர்ந்து:

(அ) சந்தேகநபரை 100,000 ரூபா பெறுமதியான இரு சரீரப் பிணைகளில் அல்லது மன்று பொருத்தமெனக் காணும் வேறு பிணையில் விடுவிக்குமாறும்;

(ஆ) தேவையெனக் கருதின், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பொலிஸ் நிலையத்தில் கையொப்பமிடுதல், சாட்சிகளுடன் தொடர்பு கொள்ளாதிருத்தல் ஆகிய நிபந்தனைகளை விதிக்குமாறும்;

(இ) பிணை மறுக்கப்படின், பிணைச் சட்டத்தின் 15 ஆம் பிரிவின்படி அதற்கான காரணங்களை எழுத்தில் பதிவுசெய்யுமாறும்;

(ஈ) மன்று தகுந்ததெனக் காணும் வேறு நிவாரணங்களை வழங்குமாறும்

பணிவாக வேண்டப்படுகிறது.

சந்தேகநபரின் மனைவியின் சத்தியக்கடதாசியும், வதிவிடச் சான்றிதழும், கொப்பியின் குறித்த பக்கத்தின் பிரதியும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

2024.03.20, யாழ்ப்பாணம்

சந்தேகநபர் சார்பான சட்டத்தரணி