திருத்தம்: ராமேஸ்வரம் ரயில் சனிக்கிழமை இரவு, ஜனவரி 17. ஞாயிறு இரவு அல்ல.

அன்புடையீர், வணக்கம்.

நாம் கிளம்புவது சனிக்கிழமை, ஜனவரி 17, காணும் பொங்கலன்று இரவு. தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து வேன் புறப்படும் நேரம் இரவு 10.30. திருச்சி ஜங்ஷனில் எல்லோரும் கூடும் நேரம் இரவு 11.15. ரயில் நள்ளிரவு தாண்டி 12.45.

வியாழக்கிழமை இரவு நான் அனுப்பிய நினைவூட்டலில் "18ஆம் தேதி ஞாயிறு இரவு 10.30" என்று இருந்தது. அது தவறு. தவறு என்னுடையது, டிக்கெட் எடுத்துக் கொடுத்தவருடையதும் அல்ல, வேன்காரருடையதும் அல்ல. அதை நம்பி ஞாயிறு இரவு ஜங்ஷனுக்குப் போனால், நம் ரயில் போய் ஒரு முழு நாள் ஆகியிருக்கும்.

இனி நிறையப் பேர் கேட்கப்போகும் கேள்விக்கு வருகிறேன். வெள்ளி காலை ஏழு மணிக்குள் ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள்: "டிக்கெட்டில் 18 என்றுதானே போட்டிருக்கிறது? அப்படியானால் 17 என்பதுதான் தவறோ?"

டிக்கெட்டும் சரி, 17 என்பதும் சரி. ரயில்வேக்கு இரவு 12 மணி அடித்தவுடன் அடுத்த தேதி பிறந்துவிடுகிறது. 12.45 என்பது அவர்கள் கணக்கில் 18ஆம் தேதியின் முதல் மணி நேரத்துக்குள் வருவது. நம் வீட்டுக் கணக்கு வேறு. விடிந்தால்தான் நமக்கு மறுநாள். சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகாமல், நேராக ரயிலுக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த பிழையும் இந்த இடத்தில்தான்: டிக்கெட்டைப் பார்த்து 18 என்று எழுதினேன், நாட்காட்டியைப் பார்த்து ஞாயிறு என்று சேர்த்தேன், பழக்கதோஷத்தில் "இரவு" என்பதையும் ஒட்டிவிட்டேன். மூன்றும் தனித்தனியே சரி. சேர்த்துப் படித்தால் ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது.

அதனால் டிக்கெட்டில் எந்த மாற்றமும் இல்லை. யாரும் அதை ரத்து செய்யவோ, தேதி மாற்றச் சொல்லி முன்பதிவு மையத்துக்குப் போகவோ வேண்டாம். ரயில்வேயிலிருந்து உங்கள் கைப்பேசிக்கு வரும் செய்தியிலும் 18 என்றுதான் இருக்கும். அதைக் கண்டு மறுபடியும் பயப்பட வேண்டாம். கைப்பேசிச் செயலியில் ரயில் எங்கே வருகிறது என்று பார்க்கிறவர்கள், எழும்பூரில் 17ஆம் தேதி புறப்பட்ட வண்டியைத் தேர்ந்தெடுங்கள். 18 என்று போட்டால் அடுத்த நாள் வண்டியைக் காட்டும். அங்கே இன்னொரு குழப்பம் ஆரம்பமாகும்.

தை அமாவாசை 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. தர்ப்பணம் கொடுக்க வேண்டியவர்கள் அன்று காலை அக்னி தீர்த்தக் கரையில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வண்டியையே பிடித்தோம். சனி இரவு ஏறினால் ஞாயிறு காலை ராமேஸ்வரம். ஞாயிறு இரவு ஏறினால் திங்கள் காலை, அமாவாசை முடிந்திருக்கும். எந்த இரவு என்ற சந்தேகம் எப்போது வந்தாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: அமாவாசைக்கு முந்தைய இரவு.

நினைவூட்டலைப் பார்த்ததும் சிலர் ஏற்பாடுகளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அவற்றைத் திரும்ப மாற்ற வேண்டும்.

காணும் பொங்கலுக்கு மகள் வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் போகிறவர்கள் சனி மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். தஞ்சாவூர் சாலையில் அன்று பஸ்ஸில் நிற்க இடம் கிடைப்பதே பெரிது. முக்கொம்புக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். போகாதீர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு இரவு பத்து மணிக்கு "வேனைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்" என்று போன் வந்தால், வேன் நிற்காது.

பால் பாக்கெட் வேண்டாம் என்று சொல்ல வேண்டியது ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் சொல்லியிருப்பவர்கள் சனி இரவு முதல் திங்கள் இரவு வரை என்று சொல்லுங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இரவு மாத்திரை எடுப்பவர்கள் சனி இரவு சாப்பாட்டுக்குப் பின் வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளுக்குமான மாத்திரை தோள்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

ஜங்ஷனிலிருந்து அழைத்து வர மகனையோ மருமகனையோ வரச் சொல்லியிருப்பவர்களுக்கு: திரும்பும் ரயில் 19ஆம் தேதி திங்கள் மாலை ராமேஸ்வரத்தில் கிளம்புகிறது, திருச்சிக்கு அன்றிரவே பதினோரு மணி வாக்கில் வந்துவிடும். நள்ளிரவைத் தாண்டாததால் அதில் தேதிச் சிக்கல் இல்லை. செவ்வாய்க்கிழமை என்று சொல்லியிருந்தால் திங்கள் என்று திருத்திச் சொல்லிவிடுங்கள்.

வேன்காரருக்கும் என் தவறான செய்தி போயிருந்தது. வெள்ளி காலை நேரில் பார்த்துப் பேசிவிட்டேன். இரண்டு வேனும் சனி இரவு 10.15க்கே கோயில் வாசலில் வந்து நிற்கும். தயிர்சாதப் பொட்டலம் சொன்ன இடத்தில் முதலிலிருந்தே சனிக்கிழமை என்றுதான் குறித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் நோட்டில் கையால் எழுதியதில் பிழை இல்லை, நான் கைப்பேசியில் தட்டியதில்தான் பிழை. ராமேஸ்வரத்தில் தங்கும் சத்திரத்துக்கு நான் தேதி எதுவும் மாற்றிச் சொல்லவில்லை, அதனால் அங்கே சரி செய்ய ஒன்றும் இல்லை.

லால்குடியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் நேராக வருகிற ஏழு பேரும் ஜங்ஷன் முன்வாசலில் சனி இரவு 11.15க்கு நில்லுங்கள். உள்ளே போய்த் தேட வேண்டாம். நடைமேடை எண்ணை இப்போது என்னிடம் கேட்டால் எனக்கும் தெரியாது. அன்றிரவு பலகையில் போடுவதைப் பார்த்து எல்லோரையும் சேர்த்து அழைத்துப் போகிறேன்.

பெட்டி, படுக்கை எண், கட்டணம், கொண்டுவர வேண்டிய சாமான்கள் எதுவும் மாறவில்லை. பத்து நாள் முன்பு கொடுத்த அச்சிட்ட தாளில் இருப்பதுதான். ஆதார் அட்டை அசல், இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுகிறவர்களுக்கு இரண்டு மாற்றுடை, நனைந்த துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை. ஈர உடையோடு சுவாமி சன்னதிக்குள் விட மாட்டார்கள் என்பதால் மாற்றுடையை மட்டும் மறக்க வேண்டாம். அந்தத் தாளில் 17 சனி இரவு என்று சரியாகவே இருக்கிறது. தாளுக்கும் என் நினைவூட்டலுக்கும் முரண் இருப்பதை முதலில் கண்டு சொன்ன கடைசி வீட்டு அம்மாவுக்கு நன்றி. "தம்பி, நீ எழுதினதுக்கு ரயில் நிக்காது" என்றார்.

பழைய நினைவூட்டலைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன். அது இருந்த இடத்தில் நீக்கப்பட்டதாக ஒரு வரி தெரியும். பயணமே ரத்தாகிவிட்டதோ என்று அதைப் பார்த்து நினைக்க வேண்டாம். ஆனால் நீங்கள் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பியதை என்னால் நீக்க முடியாது. அவர்கள் அதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நினைவூட்டுவார்கள் என்பதுதான் என் பெரிய கவலை. அவர்களுக்கு இந்த நீண்ட கடிதத்தை அனுப்ப வேண்டாம், இந்த மூன்று வரி போதும். அப்படியே எடுத்து அனுப்புங்கள்:

"முன்பு அனுப்பிய தேதி தவறு. ராமேஸ்வரத்துக்கு நாங்கள் கிளம்புவது ஜனவரி 17 சனிக்கிழமை இரவு 10.30. ரயில் நள்ளிரவு 12.45.
டிக்கெட்டில் 18 என்று இருப்பது நள்ளிரவு தாண்டுவதால், டிக்கெட் சரி.
திரும்பி வருவது ஜனவரி 19 திங்கள் இரவு."

இந்தத் திருத்தம் முழுவதிலும் "நாளை", "நாளை மறுநாள்" என்று எங்கும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். ஒருவர் வெள்ளிக்கிழமை படிப்பார், இன்னொருவர் சனிக்கிழமை காலையில்தான் கைப்பேசியைத் திறப்பார். பதில் எழுதும்போதும் ஒருவரையொருவர் கேட்கும்போதும் நீங்களும் தேதியோடு கிழமையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

படித்து முடித்தவர்கள் உங்கள் வீட்டு எண்ணைப் போட்டு "சனி இரவு" என்று பதில் அனுப்புங்கள். "சரி", கும்பிடும் கை, பூங்கொத்து எதுவும் கணக்கில் வராது. வியாழக்கிழமை இரவு அனுப்பிய தவறான செய்திக்கும் இருபது பேர் "சரி" என்றுதான் போட்டிருந்தீர்கள். எந்தத் தேதிக்குச் சரி என்று எனக்கு எப்படித் தெரியும்? முப்பத்து நான்கு பேரில் யாருடைய "சனி இரவு" வெள்ளி மாலை ஆறு மணிக்குள் வரவில்லையோ அவர்களை நானே அழைப்பேன். அழைத்தும் கிடைக்காவிட்டால் வீட்டுக்கே வருவேன். கைப்பேசி வைத்திராத நான்கு பெரியவர்களுக்கு இதே செய்தியைப் பெரிய எழுத்தில் எழுதி வெள்ளி காலையிலேயே கையில் கொடுத்துவிட்டேன். கோயில் பலகையில் இருந்த பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டியாயிற்று.

இதற்குப் பிறகு தேதி பற்றிக் குழுவில் யாராவது கேட்டால், ஆளுக்கொரு பதில் எழுதாமல், இந்தச் செய்தியைச் சுட்டிக்காட்டினால் போதும். ஒரே கேள்விக்குப் பத்துப் பேர் தங்கள் நினைவிலிருந்து பதில் சொன்னால் பதினோராவது ஆள் அதில் எதை நம்புவார்? இதில் விடை கிடைக்காத கேள்வி இருந்தால், உதாரணமாகக் கீழ்ப் படுக்கை மாற்றம், முழங்கால் வலிக்காரர்களுக்குச் சக்கர நாற்காலி, அதை எனக்குத் தனியே அனுப்புங்கள். சனி மாலை நான்கு மணி வரை பதில் சொல்வேன். அதன் பிறகு நானும் மூட்டை கட்ட வேண்டும்.

ஞாயிறு என்று எண்ணி ஏற்கெனவே வேறு செலவு செய்துவிட்டவர்கள், வாடகைக் கார் பேசி முன்பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், தயங்காமல் சொல்லுங்கள். அது என் பொறுப்பு. பயணக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

சிரமத்துக்கு வருந்துகிறேன்.

பயண ஏற்பாட்டாளர்
உறையூர்
ஜனவரி 16, வெள்ளி, காலை 9.30