நோட்டுகள் தாமதம்: மன்னிப்பும் புதிய தேதிகளும்

எல்லாருக்கும் வணக்கம்.

ஜூலை 5-ஆம் தேதி உங்கள் நோட்டுகளை அனுப்பிவிடுவேன் என்று இதே குழுவில் எழுதியிருந்தேன். இன்று 10. ஒரு பார்சல்கூடக் கிளம்பவில்லை. நடுவில் 7-ஆம் தேதி ஒருவர் "எப்போது வரும்?" என்று கேட்டதற்கு "விரைவில்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். எப்போது என்று அன்று எனக்கே தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு அப்படி எழுதினேன். தாமதத்துக்கும் அந்த மழுப்பலுக்கும் சேர்த்தே மன்னிப்புக் கேட்கிறேன்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். தேதிகள் மட்டும் போதும் என்பவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

கெட்டி அட்டை நோட்டுகளில் 40-க்கு அட்டை ஏற்றி முடித்திருந்தேன். 3-ஆம் தேதி மாலை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். நான்கு மூலையும் படியவில்லை. மேலும் கீழும் தூக்கிக்கொண்டு, படகு மாதிரி ஆடியது. அட்டைக்கும் மேசைக்கும் இடையில் என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. அடுத்ததை எடுத்தேன், அதுவும் அப்படியே. மழைக்காலம், பசை காயவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஈரமும் ஒரு காரணம்தான், ஆனால் அசல் தப்பு என்னுடையது. காகிதத்துக்கும் அட்டைக்கும் இழை ஓடும் திசை ஒன்று உண்டு. ஈரம் பட்டால் அந்த இழைக்குக் குறுக்காகத்தான் அதிகம் விரியும், காயும்போது அதே பக்கம்தான் சுருங்கும். அதனால் நோட்டு அட்டையில் இழை எப்போதும் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். பைண்டிங் பழகுகிறவருக்கு முதல் வாரமே சொல்லித்தருகிற விஷயம் இது. திருப்பி வெட்டினால் ஒரு முழு அட்டைக்கு இரண்டு துண்டு கூடுதலாகக் கிடைக்கிறதே என்று, இந்த முறை குறுக்காக வெட்டிவிட்டேன். சிக்கனம் பார்த்து வந்த வினை.

பிறகு மூன்று நாள், மேலே பாரம் ஏற்றி நிமிர்த்திவிடலாம் என்று பார்த்தேன். பிரஸ்ஸுக்குள் இருக்கிறவரை தட்டையாக இருக்கும், வெளியே எடுத்து ஆறு மணி நேரம் விட்டால் மறுபடி வளையும். அதை அப்படியே உங்களுக்கு அனுப்பியிருந்தால் பார்சலைப் பிரிக்கும்போது நன்றாகத்தான் இருந்திருக்கும், ஒரு வாரத்தில் வேலையைக் காட்டியிருக்கும். அதனால் அந்த அட்டைகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டேன். உள்ளே நூலால் தைத்த தாள்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. அட்டையோடு ஒட்டியிருக்கும் முதல் தாளையும் கடைசித் தாளையும் மட்டும் பிரித்தெடுத்து, புதிதாக ஒட்டி, புது அட்டை ஏற்றுகிறேன்.

இனி தேதிகள். மொத்தம் 64 ஆர்டர். எல்லாருக்கும் ஒரே தேதி இல்லை, உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய அட்டை நோட்டு கேட்டவர்கள் (21 ஆர்டர்): உங்களுடையவை எப்போதோ தயார். எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பலாம் என்று காரணமில்லாமல் பிடித்து வைத்திருந்தேன், அதற்குத் தனியாக ஒரு மன்னிப்பு. நாளை, ஜூலை 11 வெள்ளி மதியம் கூரியரில் போடுகிறேன். 16-ஆம் தேதி புதனுக்குள் கையில் கிடைக்கும்.

கெட்டி அட்டை, பெயர் பொறிக்காதது (29 ஆர்டர், 52 நோட்டு): ஜூலை 21 திங்கள் அனுப்புகிறேன். 25 வெள்ளிக்குள் வந்து சேரும்.

கெட்டி அட்டை, பெயர் பொறித்தது (14 ஆர்டர், 20 நோட்டு): ஜூலை 23 புதன் அனுப்புகிறேன். 28 திங்களுக்குள் வந்து சேரும்.

இந்தத் தேதிகளை எப்படிக் கணக்குப் போட்டேன் என்று கேட்கலாம், ஏற்கெனவே ஒருமுறை வாக்குத் தவறியவன் சொல்கிற தேதி ஆயிற்றே. புது அட்டை நாளை காலை வருகிறது. 11, 12 இரண்டு நாளும் வெட்டுவதும் துணி ஒட்டுவதும். என் பிரஸ்ஸில் ஒரு நேரத்தில் 12 நோட்டுதான் வைக்க முடியும், ஒவ்வொன்றும் முழுதாக 24 மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது. 13-ஆம் தேதி தொடங்கினால் 52 நோட்டுக்கு ஐந்து நாள், கடைசி நோட்டு 18-ஆம் தேதி வெளியே வரும். பெயர் பொறிக்கிற அட்டைகள் அதற்குள் வெளியே போய் எழுத்துப் பொறித்துத் திரும்பி வந்துவிடும். அவை 18, 19 தேதிகளில் பிரஸ்ஸுக்குள் போகின்றன. கணக்குப்படி பெயர் இல்லாதவற்றை 19-ஆம் தேதியே அனுப்பலாம். ஆனால் வெளியே எடுத்த பிறகு இரண்டு நாள் சும்மா வைத்து, அட்டை வளைகிறதா என்று கண்ணால் பார்க்காமல் இந்த முறை எதையும் கட்டுவதாக இல்லை. அதனால்தான் 21.

இந்தத் தேதி வரை காத்திருக்க முடியாதவர்கள் இருப்பீர்கள். இரண்டு பேர் பிறந்தநாள் பரிசுக்காக வாங்கியதாகத் தனியே எழுதியிருந்தீர்கள், அது என் மனதில் இருக்கிறது. அதே அளவில் மெல்லிய அட்டை நோட்டு 17 என் கையில் மிச்சம் இருக்கிறது. அது போதும் என்றால் நாளைய பார்சலோடு அனுப்பி, விலை வித்தியாசத்தைத் திருப்பித் தருகிறேன். முதலில் கேட்பவர்களுக்கு முதலில். நோட்டே வேண்டாம், பணம் போதும் என்றால் அதுவும் சரி. ஆர்டர் எண்ணோடு "பணம்" என்று எனக்குத் தனியே ஒரு செய்தி போடுங்கள், காரணம் சொல்ல வேண்டாம். இரண்டு வேலை நாளில் முழுத் தொகையும் திரும்பி வரும். நோட்டு கிளம்புவதற்கு முந்தைய நாள் வரை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

காத்திருக்கிறவர்கள் யாரும் கூரியர் கட்டணம் தர வேண்டாம். ஏற்கெனவே கட்டியவர்களுக்கு அந்தத் தொகையை இந்த ஞாயிறுக்குள் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

13-ஆம் தேதியிலிருந்து தினமும் இரவு 8 மணிக்கு இங்கே ஒரு வரி எழுதுவேன்: அன்றைக்கு எத்தனை நோட்டு பிரஸ்ஸிலிருந்து வந்தது, எத்தனை தேறியது என்று. ஏதாவது பிசகினால் அன்றிரவே தெரிந்துவிடும், 21-ஆம் தேதி வரை இழுத்துவிட்டுச் சொல்ல மாட்டேன். கூரியரில் போட்டதும் ட்ராக்கிங் எண் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வரும்.

கோபம் இருந்தால் இங்கேயே எழுதுங்கள், நீக்க மாட்டேன். முகவரி, போன் எண் மட்டும் குழுவில் போட வேண்டாம், எல்லாரும் பார்க்கிற இடம் இது. அப்புறம், மெல்லிய அட்டை கேட்டவர்களில் யாருக்காவது முகவரி மாறியிருந்தால் இன்றிரவு 10 மணிக்குள் எனக்குத் தனியே சொல்லிவிடுங்கள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக லேபிள் ஒட்டத் தொடங்கிவிடுவேன்.